ஊருக்கு இரண்டு நடை பஸ்தான்: நீட் தேர்வு நாள் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

நீட் தேர்வு மதியம் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடிகிறது. மையத்தின் கதவை 1.30க்கு அடைத்துவிடுவார்கள். அதன்பிறகு ஒரு நிமிடம் பிந்தினாலும் உள்ளே விடமாட்டார்கள். மதியத் தேர்வுதானே, காலை பஸ்ஸைப் பிடித்தால் போதும் என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அந்த பஸ் ஞாயிற்றுக்கிழமை ஓடுமா, மாலை 5 மணிக்கு மேல் எப்படி ஊர் திரும்புவது என்ற இரண்டு கேள்விகளும் கடைசி நாளில்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டே படிப்படியாகப் பார்ப்போம். மாணவியின் ஊர் பென்னாகரத்திலிருந்து 14 கிலோமீட்டர் உள்ளே. காலை 7.10க்கு ஊரிலிருந்து ஒரு பஸ் கிளம்பும். இரவு 8 மணிக்குப் பென்னாகரத்தில் புறப்படும் பஸ் ஊருக்கு வந்து நைட் ஹால்ட் ஆகும். தேர்வு மையம் சேலத்தில். உங்கள் ஊர், நேரம் வேறாக இருக்கும். கணக்குப் போடும் முறை இதேதான்.

படி 1: நகரம் தெரிந்த அன்றே முடிவெடுங்கள்

ஹால் டிக்கெட் வருவதற்குச் சில நாள் முன்னதாகவே, எந்த நகரத்தில் தேர்வு என்ற சீட்டு neet.nta.nic.in தளத்தில் வந்துவிடும். அதில் மையத்தின் முகவரி இருக்காது, ஊர் பெயர் மட்டும் இருக்கும். பயணத்தைத் திட்டமிட அது போதும். அன்று காலையே கிளம்புவதா, முந்தின நாளே போய்த் தங்குவதா என்பதை அப்போதே முடிவு செய்யுங்கள். உறவினர் வீட்டில் சொல்லிவைக்கவோ, அறை எடுக்கவோ அவகாசம் கிடைக்கும்.

படி 2: ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடுமா?

நீட் வழக்கமாக மே மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும். கிராமத்து பஸ்களில் சில நடைகள் பள்ளிப் பிள்ளைகளை நம்பியே ஓடுபவை. விடுமுறை நாளில், அதுவும் கோடை விடுமுறையில், அவற்றை நிறுத்திவிடுவது உண்டு. போதாததற்கு சித்திரை, வைகாசி முகூர்த்த நாள் என்றால் கூட்டம் அதிகமுள்ள தடத்துக்கு பஸ்ஸைத் திருப்பிவிடுவார்கள். அடிபடுவது பெரும்பாலும் உள்ளூர் நடைதான். எனவே தேர்வுத் தேதி முகூர்த்த நாளா என்று தினசரி காலண்டரில் பாருங்கள்.

பிறகு கண்டக்டரிடம் கேளுங்கள். நைட் ஹால்ட் பஸ் என்றால் டிரைவரும் கண்டக்டரும் இரவு உங்கள் ஊரிலேயே படுப்பார்கள், பேசுவது எளிது. "பஸ் வருமாண்ணா?" என்று பொதுவாகக் கேட்டால் "வரும்மா" என்றுதான் பதில் வரும். தேதியைச் சொல்லி, "அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, காலை 7.10 நடை உண்டா? அன்னிக்கு டியூட்டி யாருண்ணா?" என்று கேளுங்கள். டிப்போவின் போன் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள். சனிக்கிழமை இரவு பஸ் ஊருக்கு வந்து நின்றுவிட்டால் காலைக் கவலை பாதி தீர்ந்தது. வரவில்லை என்றால் காலையிலும் பஸ் இருக்காது என்றே வைத்துக்கொண்டு மாற்று ஏற்பாட்டுக்கு அப்போதே போன் போடுங்கள்.

படி 3: கதவிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

1.30 என்பது கதவு அடைக்கும் நேரம். திட்டத்தில் 12 மணிக்கு மையத்தின் வாசலில் நிற்க வேண்டும். ஹால் டிக்கெட்டில் உங்களுக்கென்று அதற்கு முந்தைய நேரம் போட்டிருந்தால் அதிலிருந்து எண்ணுங்கள்.

- மையத்தின் வாசல்: 12.00
- சேலம் புது பஸ் ஸ்டாண்ட்: 11.15 (அங்கிருந்து மையத்துக்கு முக்கால் மணி நேரம்)
- தர்மபுரியில் கிளம்புவது: 9.30 (சேலத்துக்கு ஒன்றே முக்கால் மணி நேரம்)
- பென்னாகரத்தில் கிளம்புவது: 8.15 (தர்மபுரிக்கு ஒரு மணி நேரம், பஸ் மாற 15 நிமிடம்)
- ஊரில் கிளம்புவது: 7.25 (40 நிமிடப் பயணம், மாற 10 நிமிடம்)

7.10 பஸ் இதற்குப் பொருந்துகிறது. 12 மணிக்கும் 1.30க்கும் இடையே உள்ள ஒன்றரை மணி நேரத்தை வேறு எதற்கும் செலவிட வேண்டாம். அது தொப்பூர் கணவாய்க்காக. தர்மபுரி–சேலம் சாலையில் விபத்துக்குப் பேர்போன இறக்கம் அது. ஒரு லாரி கவிழ்ந்தாலே பின்னால் வரும் வண்டிகள் நெடுநேரம் நகராது.

இதே ஊரில் காலை பஸ் 8.30க்கு என்றால் வாசலுக்கு வர 1.05 ஆகிவிடும். காகிதத்தில் சரியாகத்தான் தெரியும். ஆனால் மிஞ்சுவது 25 நிமிடம். தொப்பூரில் ஒரு நெரிசல் போதும், ஒரு வருடப் படிப்பு போய்விடும். இப்படி வந்தால் யோசிக்காமல் சனிக்கிழமையே கிளம்புங்கள். லாட்ஜில் தங்குவதானால் பெரியவர் ஒருவர் ஆதாரோடு உடன் வர வேண்டும். 18 வயது நிரம்பாத பிள்ளைக்குத் தனியாக அறை தரமாட்டார்கள்.

படி 4: காத்திருப்புக்கு ஒரு எல்லை

பஸ் வராத நாளில் நேரத்தைத் தின்பது "இதோ வந்துரும்" என்று நிறுத்தத்தில் நிற்கும் அரைமணி நேரம்தான். எந்த நேரத்துக்கு மேல் நிற்கக்கூடாது என்பதை முன்கூட்டியே குறித்துவையுங்கள். இந்தக் கணக்கில் அது 7.35. அதற்கு மேல் பைக்கில் கிளம்பினாலும் பென்னாகரத்துக்கு 8.10க்குப் போய் அதே 8.15 பஸ்ஸைப் பிடிக்கலாம். மாணவியும் உடன் வருபவரும் சேர்ந்து போக இரண்டு பைக் வேண்டும். யார் ஓட்டுவது என்பதும், பெட்ரோல் போடுவதும் சனிக்கிழமையே முடிந்திருக்க வேண்டும்.

படி 5: மையம் எங்கே இருக்கிறது?

ஹால் டிக்கெட் வந்ததும் முதல் முறை பென்னாகரம் போகும்போதே இரண்டு பிரதி எடுத்துவிடுங்கள். பிறகு முகவரியை வரைபடத்தில் பாருங்கள். மையங்களாகும் கல்லூரிகள் பல ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் இருப்பவை. உதாரணமாக ஓமலூருக்கும் சேலத்துக்கும் இடையில் என்றால், பஸ் ஸ்டாண்ட் வரை போய்த் திரும்பி வருவது வீண் அலைச்சல், வழியிலேயே இறங்கிக்கொள்ளலாம். ஆனால் தர்மபுரியில் ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், ஒன் டு ஒன் பஸ் நடுவில் நிற்காது.

பெண்களுக்கான இலவசப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துக்கு மட்டும். தர்மபுரி, சேலம் பஸ்ஸில் டிக்கெட் எடுக்க வேண்டும். சேலத்தில் ஆட்டோவையும் கணக்கில் சேர்த்து, இருவருக்கு ஆயிரம் ரூபாயைச் சில்லறையோடு வைத்துக்கொள்ளுங்கள். போன், பை, பணம் எதுவும் மையத்துக்குள் போகாது. பத்திரமாக வைத்துக்கொள்ளவும் அங்கே ஆள் இருக்காது. உடன் வருபவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

படி 6: திரும்பும் வழி

5 மணிக்கு முன் யாரையும் வெளியே விடமாட்டார்கள். விடைத்தாளைக் கொடுத்துவிட்டு, கூட்டத்தைக் கடந்து வாசலுக்கு வர 5.30 ஆகும். பஸ் ஸ்டாண்டுக்கு 6.15, தர்மபுரிக்கு 8.15, பென்னாகரத்துக்கு 9.30. ஊர் பஸ் 8 மணிக்கே போயிருக்கும். எவ்வளவு விரைந்தாலும் இதைப் பிடிக்க முடியாது, எனவே அந்த நம்பிக்கையை முதலிலேயே விட்டுவிடுங்கள்.

இரண்டு வழிகள் உண்டு. பென்னாகரத்திலோ தர்மபுரியிலோ உறவினர் வீடு இருந்தால் அன்றிரவு தங்கிவிட்டு மறுநாள் வரலாம்; களைத்த பிள்ளைக்கு இதுவே நல்லது. இல்லையென்றால் பென்னாகரத்திலிருந்து ஊருக்கு ஆட்டோ பேசிவையுங்கள். வாடகையை முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள், இரவு 9.30க்குப் பேரம் பேசும் நிலையில் நீங்கள் இருக்கமாட்டீர்கள். ஆட்டோக்காரரிடம் ஒரு நேரத்தைச் சொல்லி நிற்கவைக்கவும் வேண்டாம். தர்மபுரியில் பென்னாகரம் பஸ் ஏறியதும் போன் செய்தால் அவருக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும்.

அந்தப் பென்னாகரம் பஸ்ஸும் ஞாயிறு இரவில் எதுவரை உண்டு என்று தெரிய வேண்டும். காலையில் தர்மபுரியில் பஸ் மாறும் 15 நிமிடத்தில், உடன் வருபவர் டைம் கீப்பரிடம் கடைசி பஸ் எப்போது என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.