கேஒய்சி கெடு தாண்டியதால் பணம் எடுக்க முடியாத கணக்கு: நிலையைப் பார்ப்பதும் திறப்பதும்

காட்பாடியில் இருக்கும் என் மாமனாருக்கு பென்ஷன் மாதாமாதம் கணக்கில் ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மருந்துக் கடையில் யுபிஐ போகவில்லை, ஏடிஎம்மும் கை விரித்துவிட்டது. பணம் உள்ளே வரும், வெளியே போகாது என்றால் பெரும்பாலும் அது டெபிட் ஃப்ரீஸ். கேஒய்சி புதுப்பிக்கும் கெடு தாண்டிய கணக்குகளில் வங்கி போடும் பூட்டு இதுதான். கவனிக்க வேண்டியது தானாகப் பிடிக்கப்படும் தவணைகளை. காப்பீட்டு பிரீமியமோ இஎம்ஐயோ திரும்பிப் போனால் அபராதம் தனியாக வரும். அதனால் முதலில் அந்தத் தேதிகளைப் பார்த்து, வேறு கணக்கிலிருந்து கட்டிவிடுங்கள்.

நிலையைப் பார்ப்பது

செயலியை விட கணினியில் நெட்பேங்கிங் திறப்பதே எனக்குப் பிடிக்கும். செயலிகள் பல நேரம் "தோல்வி" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ளும். கணக்கு விவரப் பக்கத்தில் `Account Status` போன்ற வரி இருக்கிறதா பாருங்கள். அங்கே இரண்டு சொற்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். `Inoperative` அல்லது `Dormant` என்றால் இரண்டு வருடத்துக்கு மேல் நீங்களாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யவில்லை என்று பொருள். `Debit Freeze` என்பது வேறு. அப்புறம் ஒரு தொகை மட்டும் `Lien` அல்லது `Hold` என்று நின்றால் கேஒய்சி கொடுத்து அது விலகாது. காரணத்தைக் கிளையில் கேட்க வேண்டும்.

அதே இடத்தில் `Re-KYC` அல்லது `Update KYC` என்ற இணைப்பும் இருக்கும், கெடு தேதி பெரும்பாலும் அதற்குள்தான். எதுவும் தெரியவில்லையா? கிளையில் "ஃப்ரீஸ் போட்ட காரணம் என்ன, எந்தத் தேதி" என்று கேளுங்கள்.

புதுப்பிப்பது

முகவரி, பெயர் எதுவும் மாறவில்லை என்றால் "மாற்றமில்லை" என்ற சுயஉறுதிமொழி போதும். புதிய ஆவணம் வேண்டாம். பதிவு செய்த மொபைல், மின்னஞ்சல், நெட்பேங்கிங், ஏடிஎம், கடிதம் என எந்த வழியிலும் இதை ஏற்கலாம் என்று ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது. முகவரி மட்டும் மாறியிருந்தால் புதிய முகவரியை அறிவிக்க வேண்டும், வங்கி அதை இரண்டு மாதத்துக்குள் சரிபார்க்கும்.

மாமனார் விஷயத்தில் சிக்கியது ஆதார் ஓடிபி வழி. ஓடிபி வரும், எண்ணைப் போடுவோம், "சரிபார்ப்பு தோல்வி" என்று நிற்கும். வெறுத்துப்போய் விதியைத் தேடிப் படித்தபோதுதான் புரிந்தது: ஆதாரில் உள்ள மொபைல் எண்ணும் வங்கியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். வங்கியில் அவருடைய பழைய எண், ஆதாரில் மகன் எண். இதை முன்கூட்டியே பார்க்கலாம். `myaadhaar.uidai.gov.in` தளத்தில் `Check Aadhaar Validity` என்பதில் ஆதார் எண்ணைப் போட்டால், இணைந்த மொபைலின் கடைசி மூன்று இலக்கம் தெரியும். வங்கி எஸ்எம்எஸ் வரும் எண்ணின் கடைசி மூன்றோடு ஒப்பிடுங்கள். பொருந்தவில்லையா, நேராகக் கிளைக்குப் போய் மொபைல் எண் மாற்றத்தையும் கேஒய்சியையும் ஒரே தடவையில் முடித்துவிடுங்கள். வேறு ஊர்க் கிளைக் கணக்கு என்றாலும் அருகிலுள்ள கிளையிலேயே கேட்டுப் பாருங்கள், பல வங்கிகள் எடுத்துக்கொள்கின்றன.

படிவம் கொடுத்ததும் தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்குங்கள். அது வாடிக்கையாளருக்குத் தர வேண்டிய ஒன்று. பின்னாளில் உங்கள் கையிலிருக்கும் ஆதாரம் அது மட்டும்தான். பூட்டு விலகியதா என்பதற்கு வீட்டில் யாருக்காவது 1 ரூபாய் அனுப்பிப் பாருங்கள். ஸ்டேட்டஸ் வரியை விட அதுதான் நம்பகம்.

பிற்சேர்க்கை 1: குடியாத்தத்திலிருந்து ஒருவர், "கெடு தாண்டியதுமே பூட்டலாமா?" என்று கேட்டிருந்தார். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி கொடுத்த தளர்வின்படி, குறைந்த அபாயப் பிரிவிலுள்ள தனிநபர் கணக்குகளில் கெடுவிலிருந்து ஓராண்டு அல்லது 2026 ஜூன் 30, எது பிந்தியதோ அதுவரை எல்லாப் பரிவர்த்தனையும் நடக்க விட வேண்டும். சிக்கல் என்னவென்றால், உங்கள் பிரிவு என்ன என்பதை வங்கி வெளியே சொல்லாது. அதனால் "இந்தத் தளர்வு என் கணக்குக்குப் பொருந்துமா" என்று எழுத்தில் கேளுங்கள். புகாராகவே கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றால் `cms.rbi.org.in`-இல் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம்.

பிற்சேர்க்கை 2: "இன்றே கேஒய்சி செய்யாவிட்டால் கணக்கு மூடப்படும்" என்று லிங்க்கோ `.apk` கோப்போ வந்தால் தொடாதீர்கள். வங்கித் தள முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பாருங்கள். கெடு உண்மையாக இருந்தால் அங்கேயே காட்டும்.