அட்வான்ஸ் வாங்கிய கார்பென்டர் போனை எடுக்கவில்லையா? கடிதத்தில் செய்யக்கூடாத தவறுகள்

நுகர்வோர் புகார்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும்போது, மாடுலர் கிச்சன் வழக்குகளில் அதே தவறுகள் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கிறேன். ரசீது வாங்குங்கள், முழுப்பணம் கொடுக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். பணம் போன பிறகு நடப்பதைப் பேசுவோம்.

தேதி இல்லாத கடிதம்

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது இதுதான். தாம்பரத்தில் ஓர் அக்கா 2,60,000 ரூபாய் வேலைக்கு 1,30,000 அட்வான்ஸ் கொடுத்திருந்தார். கார்பென்டர் அளவெடுத்தார், ஆறு பிளைவுட் ஷீட் இறக்கினார், அதோடு போன் அடங்கிவிட்டது. அக்கா எழுதிய கடிதத்தில் "கூடிய விரைவில் வேலையை முடித்துத் தரவும், இல்லையேல் பணத்தைத் திருப்பித் தரவும்" என்று இருந்தது. அதைப் படிக்கும் கார்பென்டருக்கு எந்த நாளிலும் நெருக்கடி இல்லை. எந்த நாளில் அவர் வாக்குத் தவறினார் என்று அக்காவாலும் காட்ட முடியாது.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு இங்கே முக்கியம். குறித்த காலத்தில் முடிப்பது ஒப்பந்தத்தின் உயிர்நாடி என்று இருந்தால், தாமதமானதும் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். அப்படி இல்லையென்றால் தாமதத்துக்கு இழப்பீடுதான் கேட்க முடியும். வீட்டு வேலையில் வாய்ப்பேச்சாகச் சொன்ன "45 நாள்" எளிதில் இரண்டாவது வகையில் போய்விடும். அதனால்தான் நியாயமான அவகாசம் கொடுத்து, தேதி குறித்து, அது தவறினால் என்ன ஆகும் என்றும் கடிதத்தில் எழுத வேண்டும். அக்காவுக்குத் திருத்தி எழுதியது இப்படி:

> "10.12.2025 அன்று ஜிபேயில் ரூ.1,00,000, 14.12.2025 அன்று ரொக்கமாக ரூ.30,000 பெற்றீர்கள். 45 நாளில் முடிப்பதாக வாட்ஸ்அப்பில் எழுதினீர்கள். அந்தக் காலம் முடிந்துவிட்டது. கேபினட் பாக்ஸ்கள் 28.02.2026-க்குள் வீட்டுக்கு வர வேண்டும். 14.03.2026 மாலை 6 மணிக்குள் பொருத்தி முடிக்க வேண்டும். இந்தத் தேதிகள் ஒப்பந்தத்தின் முக்கிய நிபந்தனை. இவற்றில் எது தவறினாலும் ஒப்பந்தம் அன்றே ரத்தாகும், அதன்பின் வேலையை ஏற்க மாட்டேன். நீங்கள் இறக்கிய ஆறு ஷீட்டின் மதிப்பு ரூ.21,000 போக, மீதி ரூ.1,09,000-ஐ ரத்தான நாளிலிருந்து ஏழு நாளில் என் கணக்கில் செலுத்த வேண்டும்."

"15 நாட்களுக்குள்" என்று எழுதினால் எந்த நாளிலிருந்து என்ற சண்டை வரும், காலண்டர் தேதியில் அது இல்லை. பாக்ஸுக்குத் தனித்தேதி வைத்ததற்கும் காரணம் உண்டு. கட்டிங், எட்ஜ் பேண்டிங் எதுவுமே தொடங்கவில்லை என்பது முதல் தேதியிலேயே தெரிந்துவிடும், கடைசி நாள்வரை காத்திருக்க வேண்டாம். ஆனால் மூன்று நாள் கெடு வைக்காதீர்கள். மூன்று நாளில் எந்தப் பட்டறையிலும் கிச்சன் முடியாது, கெடு நியாயமில்லை என்று அவர் சொல்ல இடம் கொடுப்பீர்கள்.

இறக்கிய பொருளை மறைப்பது

கோபத்தில் 1,30,000-ஐயும் முழுசாகக் கேட்கிறார்கள். வீட்டில் அவருடைய ஷீட் கிடக்கும்போது அந்தக் கணக்கு நிற்காது. எத்தனை ஷீட், என்ன தடிமன், மேலே மரைன் பிளைவுட்டுக்கான ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று போட்டோ எடுத்து, கடை விலையைக் கேட்டுக் கழித்துவிடுங்கள். ஷீட் வேண்டாம் என்றால் அவரே எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி முழுத்தொகையைக் கேட்கலாம்.

போலீஸ் மிரட்டல்

எழுதாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்புவது

அவருடைய பட்டறை, வீடு இரண்டு முகவரிக்கும் டெலிவரி சான்றோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, நகலை வாட்ஸ்அப்பிலும் போடுங்கள். கவர் திரும்பி வந்தால் பிரிக்காமல் வையுங்கள்.

தேதிக்குப் பிறகு "சரி அண்ணா"

கடிதம் போனதும் பல கார்பென்டர்கள் பேசிவிடுவார்கள். "ஆள் ஊருக்குப் போயிட்டான், இன்னும் பத்து நாள் கொடுங்க" என்பார்கள். நீங்கள் "சரி அண்ணா" என்று பதில் போட்ட நொடியில், குறித்த தேதி கரைந்துவிடும். நீட்டிக்க விருப்பம் இருந்தால் புதுத் தேதியைப் போட்டு, "மற்ற நிபந்தனைகளில் மாற்றமில்லை, தாமதத்துக்கான இழப்பீடு கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று எழுதுங்கள். தாமதமான வேலையை அப்படிச் சொல்லாமல் ஏற்றுக்கொண்டால், பிறகு இழப்பீடு கேட்க முடியாது என்பதும் அதே 55-ஆம் பிரிவில்தான் இருக்கிறது. மெட்டீரியல் வாங்க என்று இன்னொரு 20,000 கேட்டால் கொடுக்காதீர்கள்.

கெடு முடிந்தும் சும்மா இருப்பது

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். அதிலும் நகரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், வேலைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கடிதம், தபால் சான்று, ஜிபே ஸ்டேட்மெண்ட், ஷீட் போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ரொக்கமாகக் கொடுத்த 30,000-க்கு அவர் அனுப்பிய "வந்துருச்சு" என்ற வாட்ஸ்அப் செய்தியின் ஸ்க்ரீன்ஷாட்டும் அதில் இருக்கட்டும்.