‘மூன்று திருத்தங்கள்’ என்று மட்டும் எழுதாதீர்கள்: புது வாடிக்கையாளருக்கு அனுப்பும் முன்மொழிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூரிலிருந்து பெங்களூருவுக்கு வந்து தனியாக வடிவமைப்புப் பணி செய்யத் தொடங்கியிருக்கும் ஒரு தம்பி, சென்ற மாதம் அல்சூரில் என் வீட்டுக்கு வந்து, தன் முதல் பெரிய வாடிக்கையாளருக்கு அனுப்பவிருந்த முன்மொழிவைக் காட்டினார். விலை இருந்தது, தேதி இருந்தது, கடைசிப் பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘மூன்று திருத்தங்கள் இலவசம்’ என்றும் இருந்தது. அந்த வரியைப் பார்த்ததும் எனக்குப் பழைய எரிச்சல் திரும்பி வந்துவிட்டது, ஏனென்றால் ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நானும் அதையே எழுதி அனுப்பியிருந்தேன். இந்த ஆண்டில் மட்டும் இளையவர்கள் எனக்குக் காட்டிய முன்மொழிவுகள் ஏழெட்டு இருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றில் இந்த வரி அப்படியே இருந்தது.

வாடிக்கையாளரின் பெயரைத் தப்பாக எழுதுவது, பழைய முன்மொழிவை நகலெடுத்து வேறு நிறுவனத்தின் பெயரை அழிக்காமல் விடுவது போன்றவற்றைப் பற்றி நான் இங்கே எழுதப்போவதில்லை. அவை ஒருமுறை அவமானப்பட்டாலே தீர்ந்துவிடும்.

எதைச் செய்யமாட்டோம் என்று எழுதாமல் விடுவது

செய்யவிருக்கும் பணிகளை எல்லோரும் வரிசையாக எழுதிவிடுகிறார்கள். வாடிக்கையாளர் தானாகச் சேர்த்துப் புரிந்துகொள்ளும் பணிகளை யாரும் எழுதுவதில்லை. ஒரு மசாலாப் பொட்டல வடிவமைப்பை எடுத்துக்கொண்டால், படப்பிடிப்பு, எழுத்துருவுக்கான உரிமத் தொகை, பார்கோடு வாங்குவது, கன்னட வாசகத்தை மொழிபெயர்ப்பது, அச்சகத்துக்குப் போய் வண்ணம் சரிபார்ப்பது ஆகிய ஐந்தும் ‘அதற்குள்ளேயே அடங்கும்’ என்றுதான் அவர் நினைப்பார். ‘இவை இந்த விலையில் சேராது’ என்ற தலைப்பில் ஐந்து வரி போதும். உணவுப் பொருளாக இருந்தால் இன்னொரு வரியும் வேண்டும்: சேர்பொருள் பட்டியல், ஊட்டச்சத்து அட்டவணை, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ஆகியவற்றைத் தருவதும் அவை சரியா என்று உறுதிசெய்வதும் வாடிக்கையாளரின் பொறுப்பு.

ஜி.எஸ்.டி. பற்றிப் பேசாத விலை

நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு செய்தவராக இருந்து ‘₹60,000’ என்று மட்டும் எழுதினால், வரியும் அதிலேயே அடக்கம் என்று அவர் சொல்லக்கூடும். 18 சதவீதம் போக உங்கள் கையில் நிற்பது சுமார் ₹50,850.

திருத்தத்தின் எண்ணிக்கையை எழுதி, திருத்தம் எது என்று எழுதாமல் விடுவது

என் கதைக்கு வருகிறேன். பெங்களூருவில் மசாலாப் பொடி தயாரிக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் ஆறு வகைப் பொடிகளுக்குப் பொட்டல வடிவமைப்பு கேட்டது: சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, இட்லிப் பொடி, மல்லிப் பொடி, வாங்கிபாத் பொடி, பிசிபேளாபாத் பொடி. ஒவ்வொன்றும் 100 கிராம், 500 கிராம் என இரண்டு அளவு. ஆக மொத்தம் பன்னிரண்டு கோப்புகள். வடிவமைக்க 48 மணி நேரம், திருத்தங்களுக்கு 12 மணி நேரம் என்று கணக்கிட்டு, மணிக்கு ஆயிரம் ரூபாய் வீதம் ₹60,000 கேட்டேன். ‘மூன்று திருத்தங்கள்’ என்று எழுதினேன். அவர்களும் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டார்கள்.

முதல் வடிவத்தை அனுப்பிய அன்று மாலையே பெரியவர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். சிவப்பு இன்னும் அடர்த்தியாக இருக்கவேண்டுமாம். மறுநாள் காலை மகனிடமிருந்து ஒன்று வந்தது. சிவப்பே வேண்டாம், எல்லாக் கடையிலும் சிவப்புதான் இருக்கிறது என்றார். மூன்றாம் நாள் மருமகள், மிளகாய்ப் படத்துக்குப் பதிலாக மண்பானை வைக்கலாமே என்றார். மூவர் சொன்னதையும் முடிந்தவரை சேர்த்துச் செய்து அனுப்பினேன். எனக்கு அது மூன்று திருத்தம். அவர்களுக்கு அது ஒன்று, இன்னும் சொன்னால் ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் பெரியவர் கேட்ட சிவப்பு அதில் வரவில்லை.

பன்னிரண்டு கோப்புகளும் தயாரான பிறகு பெரியவர் தொலைபேசியில், “ஏம்மா, லோகோவைக் கொஞ்சம் மேலே தூக்கிடும்மா, அவ்வளவுதான்” என்றார். அந்த அவ்வளவுதான் எவ்வளவு என்று பாருங்கள். லோகோ நான்கு மில்லிமீட்டர் மேலே போனால், அதற்கு மேலிருக்கும் பச்சைச் சைவக் குறி இடம் மாறவேண்டும். மாற்றினால், நீளமான பெயர் கொண்ட பிசிபேளாபாத் பொட்டலத்தில் கன்னட வரியும் ஆங்கில வரியும் இடிக்கின்றன. அந்தப் பெயரைச் சிறிதாக்கினால் மற்ற ஐந்திலும் அதே அளவுக்குக் குறைக்கவேண்டும், இல்லையென்றால் கடை அடுக்கில் ஒன்று மட்டும் இளைத்துத் தெரியும். ஒரு கோப்புக்குக் கால் மணி நேரம் என்றாலும் பன்னிரண்டுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம். “இது நான்காவது திருத்தம் ஐயா, இதற்குத் தனியாகக் கட்டணம் வரும்” என்று தயங்கிச் சொன்னேன். “இதையெல்லாமா கணக்கு வைப்பாங்க?” என்று கேட்டார். அந்தக் குரலில் ஏமாற்றும் எண்ணமே இல்லை. உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

அதற்கும் அடுத்த வாரம், அதுவரை எதையும் பார்த்திராத கோயம்புத்தூர் மாப்பிள்ளை, விநியோகத்தைக் கவனிப்பவர், எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் ‘பளிச்சென்று இல்லை’ என்றார். முதலிலிருந்து தொடங்கினோம். கடைசியில் என் கணினியில் இருந்த கோப்பின் பெயர் `Sambar_100g_final_v9.ai`. மொத்தம் 142 மணி நேரம் ஆகியிருந்தது; அதில் 92 மணி நேரம் திருத்தத்துக்கே போனது. மணிக்கு ஆயிரம் என்று போட்ட கணக்கு நானூற்றிருபதுக்குச் சற்று மேலே வந்து நின்றது.

அவர்கள் மோசமான வாடிக்கையாளர்கள் என்று இரண்டு ஆண்டுகள் சொல்லித் திரிந்தேன். பிறகு அந்த முன்மொழிவை எடுத்துப் படித்தபோதுதான் தவறு யாருடையது என்று தெரிந்தது. ‘மூன்று’ என்பதை எழுதிய நான், ‘திருத்தம்’ என்றால் என்ன என்பதை எழுதவே இல்லை. நான் மனதில் வைத்திருந்தது, அவர்கள் எனக்கு அனுப்பும் ஒவ்வொரு மாற்றமும் ஒரு திருத்தம் என்பது. அவர்கள் புரிந்துகொண்டது, குடும்பத்தில் எல்லோருக்கும் பிடிக்கிறவரை நடப்பதெல்லாம் சேர்ந்து ஒரு திருத்தம் என்பது. காகிதத்தில் இரண்டுக்கும் இடம் இருந்தது.

இப்போது நான் எண்ணுவது திருத்தங்களை அல்ல, சுற்றுகளை. என் முன்மொழிவில் இந்தப் பகுதி இப்படி இருக்கிறது:

“திருத்தச் சுற்று என்பது, தங்கள் தரப்பில் நியமிக்கப்படும் ஒருவர், அனைவரின் கருத்துகளையும் தொகுத்து, ஒரே மின்னஞ்சலில் எழுத்தில் அனுப்பும் மாற்றங்களின் பட்டியல். பட்டியலில் எத்தனை மாற்றங்கள் இருந்தாலும் அது ஒரு சுற்றே. முதலில் ஒரு பொட்டலம் மட்டும் மாதிரியாக வடிவமைக்கப்படும். அதற்கு இரண்டு சுற்றுகள் விலையில் அடங்கும். மாதிரிக்குத் தாங்கள் எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகே மற்ற பொட்டலங்கள் செய்யப்படும். அவற்றில் வாசக மாற்றங்களுக்கு மட்டும் ஒரு சுற்று உண்டு. கூடுதல் சுற்று, மாதிரி நிலையில் ₹5,000. அதற்குப் பிறகு கோப்பு ஒன்றுக்கு ₹300. ஒப்புதல் பெற்ற வடிவத்தின் அடிப்படையை மாற்றுவது புதிய பணியாகும். எங்கள் பிழைகளைத் திருத்துவது சுற்றுக் கணக்கில் வராது.”

இதில் மிகுதியாகக் காப்பாற்றுவது எது என்று கேட்டால், விலையைவிட ‘ஒருவர்’ என்ற சொல்லைத்தான் சொல்வேன். சிவப்பா, சிவப்பு வேண்டாமா என்ற வழக்கை அந்த வீட்டுக்குள்ளேயே தீர்த்துவிட்டு முடிவை மட்டும் எனக்கு அனுப்பும் வேலை அந்த ஒருவருடையது. அதற்கு அடுத்தது, முதலில் ஒரே ஒரு பொட்டலம் என்பது. லோகோவை நான்கு மில்லிமீட்டர் தூக்க வேண்டுமென்றால் அதை ஒரு கோப்பில் தூக்கலாம். பன்னிரண்டில் தூக்கவேண்டிய நிலை வந்தாலும் ₹3,600 என்ற விலை ஏற்கெனவே காகிதத்தில் இருக்கிறது. தயங்கித் தயங்கிப் பேசவேண்டியதில்லை.

கடைசி வரியையும் விட்டுவிடாதீர்கள். உங்கள் எழுத்துப்பிழையைத் திருத்துவதையும் ஒரு சுற்றாக எண்ணினால், அவர்களுக்கு உங்கள் மீதிருக்கும் நம்பிக்கை அன்றோடு போய்விடும், அது நியாயமும்கூட.

இந்த ஏற்பாட்டுக்கும் எல்லை உண்டு. தொடக்கத்திலேயே யாருக்கு விற்கிறார்கள், எந்தக் கடை அடுக்கில் எந்தப் பொருள்களுக்கு நடுவே இருக்கப்போகிறது என்று நீங்கள் கேட்டுக்கொள்ளவில்லையென்றால், இரண்டு சுற்றிலும் பிடிக்காமல்தான் போகும். அப்போது இந்தப் பத்தியைக் காட்டிப் பணம் கேட்பது முறையல்ல.

‘ஐந்து நாளில் பதில் வராவிட்டால் ஒப்புதல்’

பலரும் இணையத்திலிருந்து எடுத்து ஒட்டும் நிபந்தனை இது. பொட்டலப் பணியில் நான் இதைச் சேர்ப்பதில்லை. பொட்டலத் தாளைக் கிராவூர் முறையில் அச்சிடும் இடங்களில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு சிலிண்டர் செதுக்குகிறார்கள். பிழையான வாசகம் அந்த நிலைக்குப் போய்விட்டால் சிலிண்டரை மறுபடி செதுக்கும் செலவு வரும், ‘நீங்கள் பேசாமல் இருந்தீர்கள்’ என்ற உங்கள் வாதம் அங்கே யாருக்கும் உதவாது. மௌனத்துக்கு ஒப்புதல் என்று பொருள் கொள்வதற்குப் பதிலாக, பதில் வரும்வரை காலக்கெடு நின்றிருக்கும் என்று எழுதுங்கள்.

காலக்கெடுவைத் தேதியாக எழுதுவது

‘ஜூன் 10-க்குள்’ என்று எழுதாதீர்கள். ‘முன்பணமும் முழு வாசகமும் வந்து சேர்ந்த நாளிலிருந்து 8 வேலை நாள்களில் மாதிரி’ என்று எழுதுங்கள். முழு வாசகம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பணம் அன்றைக்கே வந்துவிடும், ரசப் பொடியின் சேர்பொருள் பட்டியல் மூன்று வாரம் கழித்துத்தான் வரும்.

‘திருப்தி அடையும்வரை திருத்தித் தரப்படும்’

வேண்டாம்.

அந்தத் தம்பி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, “அக்கா, ஒருத்தர் பெயரைத் தர முடியாது, நாங்க மூணு பேரும் பார்ப்போம்னு சொன்னா என்ன செய்யறது?” என்று கேட்டார். எனக்கும் ஒருமுறை அப்படி ஒரு பதில் வந்தது. நான் மறுக்கவில்லை, மாதிரிக்கு இரண்டு சுற்று என்பதை ஐந்தாக்கி, விலையில் ₹15,000 கூட்டி, காலக்கெடுவில் பத்து நாள் சேர்த்து அதே முன்மொழிவைத் திருப்பி அனுப்பினேன். மறுநாள் மதியம் அவர்களிடமிருந்து ஒரே ஒரு பெயர் வந்தது.