நீராவிக் குழாய்க்கு உறை: ஒரு நாளில் 14 லீற்றர் டீசல்

திருகோணமலையில் நான் வேலை செய்யும் மீன் பதனிடும் தொழிற்சாலையில், பொயிலரிலிருந்து வரும் 2 அங்குலக் குழாய் 20 மீற்றர் தூரம் வெறுமையாகவே கிடந்தது. உள்ளே 7 பார் நீராவி, அதாவது சுமார் 170 பாகை. காற்றில்லாத இடத்திலேயே அப்படியான குழாய் மீற்றருக்கு ஏறத்தாழ 500 வாட் இழக்கும்; எங்கள் கடற்கரைக் காற்றில் அதைவிடக் கூடும்.

பாறை இழைப் பஞ்சான ரொக்வூலை 50 மில்லிமீற்றர் தடிப்பில் சுற்றினால் இழப்பு 40 வாட்டளவுக்கு இறங்கும். மீற்றருக்கு 460 வாட் மிச்சம் என்றால், 20 மீற்றருக்கு, 12 மணி நேர ஓட்டத்தில் 110 கிலோவாட் மணி. பொயிலர் வினைத்திறன் 80 வீதம், டீசல் லீற்றருக்கு 10 கிலோவாட் மணி என்று வைத்தால் நாளுக்குச் சுமார் 14 லீற்றர்.

சுற்றுவது லேசு, நனையாமல் காப்பதுதான் பாடு. ஈரமான ரொக்வூல் வெப்பத்தைத் தடுக்காது. அதனால் மேலே அலுமினியத் தகடு போட்டு, மழைநீர் இறங்காதபடி அதன் பொருத்துவாயைப் பக்கவாட்டில் கீழ்நோக்கி மடித்தோம். மாரி மழைக்குப் பிறகு தகட்டைத் தொட்டுப் பார்ப்பேன். ஓரிடம் மட்டும் சுட்டால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வால்வுகளுக்குக் கழற்றி மாட்டும் உறை தைப்பித்தோம், இல்லாவிட்டால் திருத்த வருபவர் வெட்டி எறிந்துவிடுவார்.