சுவர்ப்பலகையில் நாலு வரி: மொழிபெயர்க்கும்போது செய்யும் தவறுகள்

தெம்பனிஸில் எங்கள் எதிர்வீட்டு மலாய் மாக்சிக் வீடு மாறிப் போனபோது, அம்மாவுக்கு ஒரு மரப்பலகை கொடுத்துவிட்டுப் போனார். பூவேலைப்பாடு, நடுவே நெளிநெளியான எழுத்தில் நாலு வரி. "என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லு" என்றார் அம்மா. கைப்பேசியில் படம் பிடித்து, மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டேன். "தங்கக் காட்டைச் செலுத்தலாம்" என்று ஒரு வரி வந்தது.

முதல் தவறு அதுதான், படத்தை அப்படியே நம்புவது. அலங்கார எழுத்தில் கடைசி எழுத்தின் வால் பூவுக்குள் மறைந்திருந்தது. "ஹூத்தாங்" என்றால் கடன். அந்தக் கடைசி எழுத்து போனால் "ஹூத்தான்", அதாவது காடு. வாழ்த்து அட்டை, பலகை எதுவானாலும் பொருளைத் தேடும் முன் எழுத்தெழுத்தாகத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வாய்விட்டுப் படியுங்கள். ஓசை இடறும் இடத்தில் பெரும்பாலும் எழுத்துப் பிழை இருக்கும். நான் எழுதியபோது கிடைத்தது இது:

பீசாங் எமாஸ் டிபாவா பெலாயார்,
மாசாக் செபிஜி டி ஆத்தாஸ் பெத்தி;
ஹூத்தாங் எமாஸ் போலே டிபாயார்,
ஹூத்தாங் பூடி டிபாவா மாத்தி.

மலாய்க்காரர்களுக்கு நன்கு பழக்கமான பழைய பந்துன் இது. பந்துன் என்பது ஒரு மலாய்ப் பாட்டு வகை, பெரும்பாலும் நாலு வரி. ஒன்றாம் வரியும் மூன்றாம் வரியும் ஒரே ஓசையில் முடியும், இரண்டும் நான்கும் இன்னொன்றில். முதல் இரண்டு வரிக்கு "பெம்பாயாங்" என்று பெயர், பின்னால் வரப்போவதற்கு முன்னோட்டம் மாதிரி. சொல்ல வந்த சேதி பின் இரண்டு வரியில்தான் இருக்கிறது. இது தெரியாதவர்கள் ஒன்று, வாழைப்பழ வரிகளைத் தேவையில்லை என்று வெட்டிவிடுவார்கள். இல்லை, அந்தப் பழத்துக்குள் தத்துவம் தேடுவார்கள். இரண்டும் வேண்டாம். அந்த வரிகள் ஓசைக்குக் களம் அமைக்கின்றன, கூடவே ஒரு விளையாட்டுத்தனத்தையும் தருகின்றன. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் அறிவுரை. பீசாங் எமாஸ் "தங்க வாழைப்பழம்" இல்லை, ஈரச்சந்தையில் நாம் வாங்கும் அந்தக் குட்டி மஞ்சள் பழம்தான்.

அடுத்தது தமிழருக்கென்றே வைத்த பொறி. "பூடி" என்றதும் நம் காதில் "புத்தி" என்று விழும். மூலம் ஒன்றேதான், சமஸ்கிருதம். ஆனால் மலாயில் அந்தச் சொல் நற்குணம், ஒருவர் செய்த உதவி என்ற பக்கம் போய்விட்டது. "புத்திக் கடன்" என்று எழுதினால் யாரோ யோசனை சொன்னதற்குக் கட்டணம் பாக்கி இருப்பது போலாகும். ஹூத்தாங் பூடி என்பது நன்றிக்கடன். "பெத்தி" மட்டும் நம்ம பெட்டியேதான், தமிழிலிருந்து போனது. ஒரு சொல் சரியாக அமைந்த தைரியத்தில் பக்கத்துச் சொல்லையும் நம்பிவிடக் கூடாது.

நன்றிக்கடன் என்று தெரிந்ததும் எனக்குக் குறள் கைகொடுக்க வந்தது: "உய்வில்லை செய்ந்நன்றி கொன்ற மகற்கு". கருத்து நெருக்கம்தான், ஆனால் குரல் வேறு. குறள் நன்றி மறந்தவனைப் பார்த்து எச்சரிக்கிறது. பந்துன் நன்றி மறக்காதவர் வாயிலிருந்து வருகிறது. பல வருடம் பக்கத்தில் இருந்தவர் பிரியும்போது கொடுத்த பொருளில் அந்தக் குறளை வைத்தால், அவர் நம்மைக் கண்டிப்பது போல் ஆகிவிடும். ஈடான பழமொழி கிடைத்தவுடன் மாற்றி வைப்பதற்கு முன், யார் யாரிடம் எந்த முகத்தோடு சொல்கிறார் என்று பாருங்கள்.

கடைசிச் சொல் "மாத்தி", சாவு. செயலி "மரணத்திற்குக் கொண்டு செல்லப்படுகிறது" என்றது. நான் "சாகும்வரை" என்று மாற்றினேன். "சுவத்துல மாட்டுறதுல சாவு எதுக்குடா?" என்றார் அம்மா. சரிதான். இதே உணர்ச்சியை நாம் "உயிர் உள்ள மட்டும் மறக்க மாட்டேன்" என்றுதான் சொல்வோம். அப்புறம் இப்படி அமைந்தது:

பொன்வாழைப் பழத்தோடு கப்பலில் போகலாம்,
பெட்டிமேல் ஒருபழம் கனிந்து நிற்கும்;
பொன்னாகப் பட்டகடன் தீர்த்துப் போகலாம்,
பெற்ற நன்றிக்கடன் உயிருள்ள மட்டும் நிற்கும்.

மலாயில் முதல் வரியிலும் மூன்றாம் வரியிலும் "எமாஸ்" வருவதால் இங்கே "பொன்" அதே இடங்களில் வருகிறது. வரி முடிவுகளும் மாறி மாறி ஒத்துப்போகின்றன. ஒன்றை மட்டும் காப்பாற்ற முடியவில்லை: முதல் வரியில் பழத்தைச் சுமந்து போகும் அதே "டிபாவா" கடைசி வரியில் கடனையும் சுமக்கிறது. அதற்குப் பதிலாகத்தான் பழத்தையும் கடனையும் "நிற்க" வைத்தேன்.

இந்த நாலு வரியைத் தாளில் எழுதிப் பலகையின் பின்புறம் ஒட்டச் சொன்னார் அம்மா. முன்புறம் மாக்சிக் கொடுத்தபடியே இருக்கிறது.