கோப்பின் பெயர் தெரிவதை நம்பி ஏமாறாதீர்கள்

வண்ணார்பேட்டையில் கணினி பழுது பார்க்கும் என் மேசைக்கு, இந்த மாதம் மட்டும் மூன்று இளைஞர்கள் போலி '1 டி.பி.' பென்டிரைவோடு வந்துவிட்டார்கள். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதே வழியில்தான் ஏமாந்தேன். விலை மலிவு, பெட்டியில் எழுத்துப்பிழை போன்ற அடையாளங்கள் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, கணினிப் பொருள் வாங்குபவர்கள் செய்யும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

நான்கு படங்களை ஏற்றிப் பார்த்துத் திருப்தி அடைவது

இன்றும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு இதுதான். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு புகைப்படக்காரத் தம்பி வந்தார். இணையத்தில் வாங்கிய பென்டிரைவ். ஒரு கல்யாணத்தின் 140 ஜி.பி. காட்சிகளை அதில் ஏற்றியிருக்கிறார். எல்லாக் கோப்புகளின் பெயரும் வந்தது, அளவும் சரியாக இருந்தது. முதல் சில காட்சிகள் ஓடின. நம்பிக்கையோடு கேமராவின் மெமரி கார்டுகளை அழித்துவிட்டு, அடுத்த முகூர்த்தத்துக்கு அதே கார்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் தாலி கட்டும் காட்சி வெறும் கறுப்பு.

உள்ளே இருந்தது 32 ஜி.பி. சில்லு. அதைக் கட்டுப்படுத்தும் சிறு நிரலை மாற்றி, கணினி கேட்கும்போது '1 டி.பி.' என்று பதில் சொல்ல வைத்திருக்கிறார்கள். கோப்புகளின் பெயர்ப்பட்டியல் பெரும்பாலும் முன்பகுதியில், உண்மையான இடத்தில் பதிவாகிறது. அதனால் பெயர்கள் தப்பிவிடுகின்றன. இடம் தீர்ந்த பிறகு வரும் உள்ளடக்கத்தை வாங்குவதுபோல் வாங்கி, எங்கும் எழுதாமல் விட்டுவிடுகிறது. சில போலிகள் முதலிலிருந்தே திரும்ப எழுதி, பழையதையும் கெடுத்துவிடும். ஏற்றியவுடன் திறந்து பார்ப்பதும் போதாது. கணினி தன் நினைவகத்தில் வைத்திருக்கும் நகலையே காட்டக்கூடும்.

'மீட்டுத் தாருங்கள் அண்ணாச்சி' என்று அவர் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. எழுதப்படாத ஒன்றை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. அப்படி மீட்டுத் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

விண்டோஸ் கணினியில் H2testw என்ற இலவச நிரல் இருக்கிறது. காலியான பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து 'Write + Verify' அழுத்தினால், இடம் முழுவதையும் நிரப்பி, பிறகு ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கும். நம்பகமான சோதனை, ஆனால் பொறுமை வேண்டும். நொடிக்கு 10 எம்.பி. வேகத்தில் 1 டி.பி.யை எழுத மட்டுமே ஒரு நாளுக்கு மேல் ஆகும். லினக்ஸ் தெரிந்தவர்கள் f3 என்ற இலவச நிரலை நிறுவிக்கொண்டு, சில நிமிடங்களில் கண்டுபிடித்துவிடலாம்:

```
lsblk
sudo f3probe --destructive --time-ops /dev/sdb
```

முதல் வரி காட்டும் பட்டியலில் பென்டிரைவின் பெயர் எது என்று நிதானமாகப் பாருங்கள். `sdb` என்பது உங்கள் கணினியில் வேறு வட்டாக இருக்கலாம். இரண்டாவது கட்டளை அதிலுள்ளதை அழித்துவிடும். தம்பியின் பென்டிரைவில் 'Usable size' என்ற இடத்தில் 29 ஜி.பி. சொச்சம் வந்தது.

பென்டிரைவைத் திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். சோதனை முடியும்வரை அதில் ஒரு கோப்பும் ஏற்றாதீர்கள்.

1 டி.பி. பென்டிரைவ் 931 ஜி.பி. காட்டுகிறது என்று சண்டைக்குப் போவது

அது போலிக்கு அடையாளம் அல்ல. தயாரிப்பவர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது.

பிராசசரின் மூடியைப் படித்து வாங்குவது

பழைய பிராசசர்களை நெரிசலான சந்தையில் வாங்கும்போது இது நடக்கிறது. உலோக மூடியைத் தேய்த்து, வேறு பெயரைப் பொறித்துவிடுகிறார்கள். i3-4130, i7-4770 இரண்டும் ஒரே சாக்கெட்டில் உட்காரும். இரண்டின் அடிப்படை வேகமும் 3.4 கிகாஹெர்ட்ஸ். ஆகவே வேகத்தைப் பார்த்து எதுவும் தெரியாது. ஆனால் i7-இல் நான்கு கோர், எட்டு திரெட். i3-இல் இரண்டு கோர், நான்கு திரெட்.

மூடியில் எதைப் பொறித்தாலும், பிராசசர் தன்னைப் பற்றிக் கணினிக்குச் சொல்லும் பெயர் மாறாது. கடையிலேயே ஒரு மதர்போர்டில் பொருத்தி, பயாஸ் திரையில் பெயரைக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸில் தெரியும் பெயரை மட்டும் நம்பக் கூடாது. அதை ஒரு சிறு நிரலால் மாற்றிக் காட்ட முடியும். டாஸ்க் மேனேஜரில் கோர், திரெட் எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள்.

'இங்கே மின்சாரம் இல்லை, வீட்டில் போய்ப் பாருங்கள்' என்பவரிடம் வாங்குவது

வாங்காதீர்கள்.