சென்செக்ஸ் வரைபடத்தில் 2020 சரிவு 2008-ஐ விடப் பெரிதாகத் தெரிவது ஏன்? லாக் அளவுகோலில் போட்டுப் பார்க்கும் முறை

ஈரோட்டில் மஞ்சள் குவிண்டால் 5,000 ரூபாயிலிருந்து 10,000 ஆனால் கையிருப்பின் மதிப்பு இரட்டிப்பு. 10,000 என்பது 15,000 ஆனால் ஒன்றரை மடங்குதான். இரண்டிலும் ஏறியது அதே 5,000. சாதாரண அளவுகோல், அதாவது லீனியர், இரண்டையும் ஒரே உயரத்தில்தான் வரையும். லாக் அளவுகோல் ரூபாயைப் பார்க்காது, மடங்கைத்தான் பார்க்கும். அதில் 100-லிருந்து 1,000 வரை உள்ள உயரமும் 10,000-லிருந்து 1,00,000 வரை உள்ள உயரமும் ஒன்றுதான்.

இது லிப்ரே ஆபீஸ் கால்க்கில் செய்யும் முறை. இலவசம், அச்சுகளை நம் இஷ்டத்துக்கு அடக்கலாம். எக்செல்லிலும் இதே வழிதான்.

முதலில் இந்த சென்செக்ஸ் எண்களை இரண்டு பத்திகளாக உள்ளிடுங்க. முதல் வரி அடிப்படை மதிப்பு, மற்ற ஏழும் அந்தந்த நாள் முடிவு மதிப்பு.

```
1979-04-01   100
1990-07-25   1001
1992-04-22   4467
2008-01-08   20873
2009-03-09   8160
2020-01-14   41953
2020-03-23   25981
2024-09-26   85836
```

தேதியில் ஆண்டை முன்னால் போட்டிருப்பது காரணத்தோடுதான். பலருடைய படமும் கெடுவது இங்கேதான். கணினி அமெரிக்க முறையில் இருந்தால், 22/04/1992 என்று அடிக்கும்போது 22-ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். 08/01/2008 ஆகஸ்ட் 1 ஆகிவிடும். பத்தியில் ஒரே ஒரு தேதி எழுத்தாக நின்றாலும் மென்பொருள் தேதிகளை விட்டுவிட்டு 1, 2, 3 என்று சம இடைவெளியில் புள்ளிகளை வைத்துவிட வாய்ப்புண்டு. அப்போது 1992 முதல் 2008 வரையான பதினாறு வருடமும், 2020-இன் இரண்டு மாதமும் ஒரே அகலத்தில் வரும். கண்டுபிடிப்பது சுலபம்: சரியான தேதி கட்டத்தின் வலது ஓரத்தில் நிற்கும், எழுத்து இடது ஓரத்தில் ஒட்டும்.

இரண்டு பத்திகளையும் தேர்ந்தெடுத்து Insert → Chart → XY (Scatter) → Lines Only. Line வகையை எடுக்காதீங்க, அதிலும் இடைவெளிச் சிக்கல் வரலாம். Y அச்சை 0 முதல் 1,00,000 வரை வையுங்க. பிறகு படத்தைப் பிரதி எடுத்து, பிரதியின் Y அச்சை இரண்டு முறை சொடுக்கி, Scale பக்கத்தில் Logarithmic scale-ஐத் தேர்வு செய்யுங்க. Minimum 100, Maximum 100000 என்று கையால் கொடுங்க. தானாக விட்டால் அச்சு 1-லிருந்து தொடங்கி, படத்தின் கீழ்ப்பகுதி வீணாகப் போக வாய்ப்புண்டு. X அச்சைத் தொட வேண்டாம்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. அச்சின் உயரம் 20 செ.மீ. என்று கொள்வோம். லீனியரில் 2008–09 சரிவு 12,713 புள்ளிகள், அதாவது 2.5 செ.மீ. 2020 சரிவு 15,972 புள்ளிகள், 3.2 செ.மீ. பார்ப்பவருக்கு 2020தான் பெரிய அடி. லாக் படத்தில் 2008–09 சரிவு 2.7 செ.மீ., 2020 சரிவு 1.4 செ.மீ. முன்னதில் போனது 61 சதவீதம், பின்னதில் 38. லாக் படம்தான் முதலீட்டாளர் இழந்ததைச் சொல்கிறது: 2008 உச்சத்தில் போட்ட 1 லட்சம் சுமார் 39,000 ஆகி நின்றது. 2020 உச்சத்தில் போட்டது சுமார் 62,000-இல் நின்றது.

இன்னொரு ஏமாற்றம் இதைவிட முக்கியம். லீனியர் கோடு வலது பக்கம் செங்குத்தாக நிமிர்வதைப் பார்த்து, சந்தை வரவர வேகமெடுக்கிறது என்று நம்பத் தோன்றும். எண்கள் நேர்மாறாகச் சொல்கின்றன. 100 என்பது 1,000 ஆக 11 வருடம் பிடித்தது, வருடத்துக்குச் சுமார் 23 சதவீதம். 1,000 என்பது 10,000 ஆனது 2006 பிப்ரவரியில், பதினைந்தரை வருடத்தில், சுமார் 16 சதவீதம். அங்கிருந்து 2024 செப்டம்பர் வரை சுமார் 12 சதவீதம். லாக் படத்தில் இடையிலுள்ள ஏற்ற இறக்கங்களை விட்டு மொத்தமாகப் பார்த்தால், கோடு வலப்பக்கம் போகப்போகச் சாய்வு குறைவதாகவே தெரியும். "கடைசிப் பத்து வருடம்போல இனி எப்போதும் ஏறும்" என்று லீனியர் படத்தைக் காட்டி யாராவது திட்டம் விற்க வந்தால், அதே எண்களை லாக்கில் போட்டுக் காட்டச் சொல்லுங்க.

பின்சேர்ப்பு: இணையதளத்தில் படம் பார்ப்பவர்கள் இதை எப்படிச் செய்வது என்று கேட்டிருந்தார்கள். கணினியில் டிரேடிங்வியூ தளத்தில் Alt+L அழுத்தினால் விலை அச்சு லாக்குக்கு மாறும். ஏற்கெனவே வரைந்த போக்குக் கோடுகளை மாற்றிய பிறகு நம்ப வேண்டாம். லீனியரில் நேராக வரைந்த கோடு சம ரூபாய் ஏற்றம், லாக்கில் வரைந்தது சம சதவீத ஏற்றம். இரண்டும் ஒரே இடத்தில் விலையைத் தொடாது, மறுபடி வரையணும்.

இன்னொருவருக்கு "பூஜ்யத்தை வரைய முடியாது" என்ற எச்சரிக்கை வந்தது. விடுபட்ட நாட்களில் 0 இருந்ததுதான் காரணம். அந்தக் கட்டங்களைக் காலியாக விடுங்க. மைனஸுக்கும் லாக் கிடையாது: 2020 ஏப்ரல் 20-இல் அமெரிக்கக் கச்சா எண்ணெயின் மே மாத ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அந்த வரிசையை லீனியரில்தான் போட முடியும். ஒரு வாரம், ஒரு மாதப் படத்துக்கும் லீனியரே போதும். விலை சில சதவீதமே நகரும் இடத்தில் இரண்டு கோடுகளும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் இருக்கும்.